நாலு பேர், ஒரு வீடு: மாதக் கணக்கை மூன்றே அனுப்புதல்களில் தீர்ப்பது

கேள்வி: கிளிநொச்சியில் வாடகைக்கு வீடெடுத்து நாலு பெண்கள் இருக்கிறோம். எல்லோரும் வெளியிடங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். வாடகை நான் கட்டுகிறேன். கரண்ட் பில் ஒருத்தி, வைஃபை இன்னொருத்தி, காஸும் சமையல் சாமானும் மற்றவள். ஒவ்வொரு பில்லுக்கும் ஆளுக்காள் வங்கியில் காசு போடுகிறோம். மாதக் கடைசியில் யார் போட்டது, யார் போடவில்லை என்று ஒன்றும் விளங்குவதில்லை. "நான் அப்பவே அனுப்பிட்டனே" என்று தொடங்கி மனக்கசப்பில் முடிகிறது. இதற்கு ஒரு ஒழுங்கு சொல்லுங்கள். (ஆசிரியை, கிளிநொச்சி)

பதில்: முதலில், பில்லுக்குப் பில் காசு அனுப்புவதை நிறுத்துங்கள். குழப்பத்துக்குக் காரணம் அதுதான். மாதம் ஐந்து செலவு வந்தால், ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர் ஒருவருக்கு அனுப்ப வேண்டும். அது பதினைந்து அனுப்புதல். இத்தனையையும் நாலு பேரும் நினைவில் வைத்திருக்க முடியாது. மாதம் முழுக்க அவரவர் கட்டுவதை எழுதி மட்டும் வையுங்கள். எல்லோருக்கும் சம்பளம் வந்து முடிந்த பிறகு வரும் ஞாயிறன்று ஒரே தடவையில் கழித்துத் தீருங்கள். நாலு பேருக்கு மூன்று அனுப்புதலுக்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது.

ஒரு மாதத்தை எடுத்துப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான். மற்ற மூவருக்கும் தர்சினி, மேரி, கவிதா என்று பெயர் வைத்துக்கொள்வோம். வாடகை 24,000 ரூபாவை நீங்கள் கட்டினீர்கள். கரண்ட் பில் 6,200 ரூபாவைத் தர்சினி கட்டினாள். வைஃபைக்கு மேரி 3,600 கட்டினாள். கவிதா காஸ் சிலிண்டருக்கு 3,700, பொதுச் சாமானுக்கு 10,500, ஆக 14,200 ரூபா கொடுத்தாள். மொத்தம் 48,000. ஆளுக்கு 12,000.

இனி ஒவ்வொருவரும் கட்டியதிலிருந்து அவரவர் பங்கைக் கழியுங்கள். உங்களுக்கு 12,000 வரவேண்டும். கவிதாவுக்கு 2,200 வரவேண்டும். தர்சினி 5,800 கொடுக்க வேண்டும், மேரி 8,400 கொடுக்க வேண்டும். வரவேண்டியதும் 14,200, கொடுக்க வேண்டியதும் 14,200. இரண்டும் சரிசமமாக வராவிட்டால் காசு அனுப்பத் தொடங்காதீர்கள். எங்கோ ஒரு பங்கு விடுபட்டிருக்கிறது, அல்லது கூட்டலில் பிழை இருக்கிறது.

அதிகம் கொடுக்க வேண்டியவரை அதிகம் வரவேண்டியவரோடு முதலில் சேருங்கள். மேரி உங்களுக்கு 8,400 அனுப்புகிறாள். அவள் கணக்கு முடிந்தது. உங்களுக்கு இன்னும் 3,600 பாக்கி. அதைத் தர்சினி அனுப்புகிறாள். தர்சினியிடம் மிஞ்சுவது 2,200. அது அப்படியே கவிதாவுக்குப் போகிறது. வங்கி விட்டு வங்கிக்கு அனுப்பும்போது ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சிறு கட்டணம் பிடிப்பார்கள். அனுப்புதல் குறைந்தால் அதுவும் மிச்சம். யார் யாருக்கு அனுப்புவது என்பதில் தெரிவு இருந்தால், ஒரே வங்கியில் கணக்கு வைத்திருக்கும் இருவரைச் சேர்த்துவிடுங்கள்.

இதை எழுத ஒரு கொப்பியே போதும். ஆனால் நாலு பேரும் தங்கள் போனில் பார்க்கக்கூடிய கூகுள் ஷீட் இருந்தால் ஒளிவுமறைவு என்ற பேச்சே எழாது. அதில் இரண்டு பட்டியல் வேண்டும், இரண்டும் ஒருபோதும் கலக்கக் கூடாது. ஒன்று செலவுப் பட்டியல்: A நிரலில் திகதி, B-யில் என்ன செலவு, C-யில் தொகை, D-யில் கட்டியவர், E முதல் H வரை நாலு பேரின் பங்கு. மற்றது அனுப்பிய பட்டியல்: J-யில் திகதி, K-யில் அனுப்பியவர், L-இல் பெற்றவர், M-இல் தொகை. மேரியின் பங்கு G நிரலில் இருந்தால் அவளுடைய நிலுவையை இந்தச் சூத்திரம் காட்டும்:

```
=SUMIF(D:D,"மேரி",C:C)-SUM(G2:G)
 +SUMIF(K:K,"மேரி",M:M)-SUMIF(L:L,"மேரி",M:M)
```

விடை கூட்டலில் வந்தால் அவளுக்கு வரவேண்டும், கழித்தலில் வந்தால் அவள் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பெயரையும் பங்கு நிரலையும் மாற்றிப் போடுங்கள். பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்தில் எழுதுங்கள். ஒரு வரியில் "தர்சினி", இன்னொன்றில் "தர்ஷினி" என்றிருந்தால் ஷீட் அவர்களை இரண்டு பேராகத்தான் பார்க்கும். மாதா மாதம் புதிய ஷீட் தொடங்கவும் வேண்டாம். ஒன்றையே தொடர்ந்து எழுதிப் போனால் போன மாதப் பாக்கி தானாகவே அடுத்த மாதத்துக்கு வந்துவிடும்.

இரண்டு பட்டியலும் கலக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தர்சினி கவிதாவுக்கு 2,200 அனுப்ப வேண்டிய இடத்தில் இந்த மாதம் 1,200 மட்டும் அனுப்புகிறாள் என்று வையுங்கள். சரியாக எழுதினால் தர்சினியின் நிலுவை 1,000 கொடுக்க வேண்டியது, கவிதாவுடையது 1,000 வரவேண்டியது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் யாரோ அவசரத்தில் அந்த 1,200-ஐச் செலவுப் பட்டியலில், "தர்சினி கட்டியது" என்று எழுதிவிட்டால் அது நாலாகப் பிரிந்துவிடும். தர்சினிக்கு 900 மட்டுமே வரவாகும். சம்பந்தமே இல்லாத உங்கள் தலையிலும் மேரியின் தலையிலும் ஆளுக்கு 300 விழும். கவிதாவோ காசு கையில் வாங்கிய பிறகும் இன்னும் 1,900 வரவேண்டியவளாக நிற்பாள். இதில் மோசம் என்னவென்றால், வரவேண்டியதும் கொடுக்க வேண்டியதும் அப்போதும் சரிசமமாகவே இருக்கும். அதனால் மேலே சொன்ன சோதனையில் இந்தப் பிழை அகப்படாது. இதைப் பிடிக்க ஒரு வழிதான் உண்டு. செலவுப் பட்டியலின் மாத மொத்தத்தைக் கையிலுள்ள பில்களோடும் ரசீதுகளோடும் ஒப்பிட வேண்டும். 48,000-க்குப் பில் இருக்க ஷீட்டில் 49,200 நின்றால், அந்த 1,200 ஒரு செலவல்ல, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிய காசு.

"அப்பவே அனுப்பிட்டனே" என்ற வழக்குக்கு ஒரே ஒரு விதி வையுங்கள்: காசைப் பெற்றவர்தான் ஷீட்டில் பதிய வேண்டும், அதுவும் தன் கணக்கில் காசு விழுந்ததைத் தானே பார்த்த பிறகு. அனுப்பியவர் வாட்ஸ்அப்பில் போடும் ஸ்கிரீன்ஷொட் சான்றல்ல. அது கடைசி உறுதிப்படுத்தலுக்கு முந்திய பக்கமாக இருக்கலாம், தோல்வியடைந்து திரும்பி வந்த பணமாகவும் இருக்கலாம். அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தை வெறுமையாக விடாதீர்கள். அங்கே மாதமும் பெயரும் இருந்தால் போதும்: `SEP MARY BAL`. தமிழ் எழுத்துகள் எல்லா வங்கியின் கணக்குக்கூற்றிலும் சரியாக விழுவதில்லை, ஆகவே இதை மட்டும் ஆங்கில எழுத்தில் போடுங்கள். மூன்று மாதம் கழித்துச் சந்தேகம் வந்தால், கணக்குக்கூற்றில் அந்த வரியைத் தேடி எடுப்பது ஒரு நிமிட வேலை. கையில் காசாகக் கொடுத்தாலும் இதே விதிதான்: வாங்கியவர் அங்கேயே, அப்போதே பதிய வேண்டும்.

கணக்கு இலக்கத்திலும் கவனம் வேண்டும். வேறு வங்கிக்கு உடனடியாக அனுப்பும்போது காசு கணக்கு இலக்கத்தை நம்பித்தான் போகிறது. நீங்கள் எழுதும் பெயர் பொருந்தாவிட்டாலும் போய்விடக்கூடும். பிழையான கணக்குக்குப் போனால், பெற்றவரின் சம்மதமில்லாமல் வங்கி எளிதில் திருப்பி எடுத்துத் தராது. முதல் தடவை 100 ரூபா அனுப்பி, வந்ததா என்று கேட்டுவிட்டு, அந்தக் கணக்கைச் செயலியில் சேமித்து வையுங்கள். பிறகு எப்போதும் சேமித்ததிலிருந்தே அனுப்புங்கள்.

கரண்ட் பில்லில் ஒரு பொறி உண்டு. பில்லின் அடியில் உள்ள மொத்தத்தில் முந்திய மாத நிலுவையும் சேர்ந்திருக்கலாம். போன மாதம் தர்சினி கட்டிய காசு மின்சார சபைக் கணக்கில் பதிய முன்னரே மானி வாசித்து இந்தப் பில் எழுதப்பட்டிருந்தால், கட்டிய தொகை திரும்பவும் நிலுவையாக நிற்கும். மொத்தத்தை அப்படியே பிரித்தால் ஒரே காசை இரண்டு தடவை பிரிக்கிறீர்கள். ஷீட்டில் எழுத வேண்டியது பில்லில் உள்ள தொகையல்ல, தர்சினி உண்மையில் கட்டிய தொகை.

அதோடு, வீட்டுப் பாவனை அலகுகள் கூடக்கூட ஒவ்வொரு அலகின் விலையும் படிப்படியாக ஏறும். 60 அலகைத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு. கிணற்று மோட்டரும் அதே மானியில் ஓடும் வீடென்றால் அந்த எல்லையைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. விசிறி, மோட்டர், மின்குமிழ் எல்லாம் பொது, அவற்றைச் சமமாகப் பிரியுங்கள். ஆனால் ஒருவர் தன் அறைக்கு மட்டும் ஏசி பூட்டினால், அவர் பாவித்த அலகைச் சராசரி விலையால் பெருக்குவது மற்றவர்களுக்கு நட்டம். அந்த அலகுகள்தான் வீட்டுப் பாவனையை மேல்படிக்குத் தள்ளியவை. ஏசி இல்லாமல் எவ்வளவு வந்திருக்கும் என்று பழைய பில்லைப் பார்த்து, மேலதிகம் முழுவதையும் அவர் ஏற்பதுதான் நியாயம்.

பாடசாலை விடுமுறையில் ஒருவர் ஊருக்குப் போனால் என்ன செய்வது? வாடகையும் வைஃபையும் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அவற்றில் கைவைக்க வேண்டாம். சாமானை மட்டும் ஆள்நாள் கணக்கில் பிரியுங்கள். மேலே சொன்ன 30 நாள் மாதத்தில் மேரி 15 நாள் வீட்டில் இல்லையென்றால், மூன்று பேருக்கு 90, மேரிக்கு 15, மொத்தம் 105 ஆள்நாள். 10,500 ரூபாவை 105 ஆல் வகுத்தால் நாளுக்கு 100. மேரிக்கு 1,500, மற்றவர்களுக்கு ஆளுக்கு 3,000. சமமாகப் பிரித்திருந்தால் மேரி 2,625 கொடுத்திருப்பாள். அவளுடைய நிலுவை 8,400-இலிருந்து 7,275 ஆகக் குறைகிறது. இரண்டு மூன்று நாள் போய்வருவதற்கெல்லாம் இந்தக் கணக்கைத் தொடாதீர்கள். தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் என்றால் மட்டும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பொதுச் சாமான் எது என்பதையும் ஒருமுறை இருந்து பேசி எழுதிவிடுங்கள். அரிசி, பருப்பு, தேங்காய், எண்ணெய், மரக்கறி, பாத்திரம் கழுவும் சோப்பு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பட்டியலில் இல்லாததை வாங்கியவரே ஏற்க வேண்டும். கடை ரசீதில் சொந்தச் சாமானும் கலந்திருந்தால் அதைக் கழித்த தொகையைத்தான் C நிரலில் எழுத வேண்டும்.

வீட்டுக்காரருக்குக் கொடுத்த முற்பணத்தை இந்த ஷீட்டில் சேர்க்க வேண்டாம். அது செலவல்ல, திரும்பி வரும் காசு. யார் எவ்வளவு போட்டது என்று தனித்தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்திடுங்கள். ஒருவர் இடமாற்றம் கிடைத்துப் போகும்போது, புதிதாக வருபவர் அந்தப் பங்கை நேரே போகிறவருக்கு அனுப்பலாம், தாளில் பெயரை மாற்றினால் போதும். போகிற நாளில் மின்மானியின் இலக்கத்தைப் போனில் படமெடுத்து வையுங்கள். அடுத்த பில் வரும்போது, முந்திய வாசிப்பிலிருந்து அந்த இலக்கம் வரையுள்ள அலகுகளில் நாலில் ஒரு பங்குதான் அவருடையது.