ஞாயிற்றுக்கிழமை போனில் தெரியாதது

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. நீட்டில் போன வருடம் இடம் கிடைக்கவில்லை. ஜூன் மாதம் நாமக்கல்லில் விடுதியோடு சேர்ந்த ஒரு கோச்சிங் சென்டரில் ரிப்பீட்டராகச் சேர்த்தோம். ஞாயிறு மட்டும் 10 நிமிடம் போன் பேசலாம். தீபாவளிக்கு அப்புறம் அடிக்கடி வயிற்றுவலி என்கிறான். கேஸ் மாத்திரை கொடுத்தும் கேட்கவில்லை. 62 கிலோ இருந்தவன் பொங்கலுக்கு வந்தபோது 56 கிலோ. மாதிரித் தேர்வில் 480 வாங்கிக்கொண்டிருந்தவன் இப்போது 350. கேட்டால் "நல்லாத்தான் இருக்கேம்மா" என்கிறான். வார்டன் "தங்கமான பையன், இருக்கிற இடமே தெரியாது" என்கிறார். இது பரீட்சை டென்ஷன்தானா? கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா? (ஒரு தாய், சிவகங்கை மாவட்டம்)

பதில்: முதலில் அந்த 6 கிலோவைப் பற்றிப் பேசிவிடுவோம். மூன்று மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதை டென்ஷன் என்று நானும் ஒதுக்க மாட்டேன், நீங்களும் ஒதுக்காதீர்கள். மனசு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றினாலும், அதைச் சொல்வதற்கு முன் உடம்பைப் பார்த்தாக வேண்டும். ஒரே அறையில் பலர் தங்கும் விடுதியில் காசநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றலாம். இந்த வயதில் இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை நோய் புதிதாகத் தொடங்கலாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் எடை இறங்கும், கை நடுங்கும், தூக்கம் கெடும். முழு ரத்த அணுப் பரிசோதனை, சர்க்கரை, தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகள், மார்பு எக்ஸ்ரே எல்லாம் உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம். அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர், மாலைக் காய்ச்சல், விடாத இருமல் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இவை எல்லாம் சரியாக வந்தால் "ஒன்றுமில்லை" என்று பெருமூச்சு விட்டுவிட வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் அந்த இடத்தில்தான் கதை நின்றுவிடுகிறது. ரிப்போர்ட் நார்மல், அப்புறம் பையன் நடிக்கிறான் என்றாகிவிடும். அவன் நடிக்கவில்லை. மன இறுக்கத்தில் குடலின் அசைவும் அதன் வலி உணர்வும் நிஜமாகவே மாறுகின்றன, வலியும் நிஜம். வலி எப்போது வருகிறது என்று பாருங்கள். தேர்வு நாள் காலையில் மட்டும் வந்து, எழுதி முடித்ததும் போய்விட்டால் அது பெரும்பாலும் பதற்றம். தேர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் காலையில் எழும்போதே வயிறு கனத்து, சோறு பிடிக்காமல், மாலைக்கு மேல் கொஞ்சம் தேவலை என்று இருந்தால், நான் மனச்சோர்வைத்தான் முதலில் நினைப்பேன்.

அடுத்து தூக்கம். பல விடுதிகளில் காலை 5 மணிக்கு முன்பே எழுப்பி, இரவு படிப்பு முடிய 10:30, 11 ஆகிவிடும். இந்த வயதுக்கு குறைந்தது 8 மணி நேரம் வேண்டும், கிடைப்பது ஆறுதான். ஆகவே சோர்வு எல்லாருக்கும் இருக்கும், அதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. படுத்ததும் கட்டைபோல் தூங்கிவிடுகிறான் என்றால் அது தூக்கக் குறைவு. அவ்வளவு களைப்பிலும் தூக்கம் வராமல் புரண்டாலோ, எழுப்பாமலே 3 மணிக்கு விழித்துக்கொண்டு திரும்பத் தூங்க முடியாமல் கிடந்தாலோ அது வேறு விஷயம். பொங்கலுக்கு வந்திருந்தானே, அந்த நாட்களில் எப்படித் தூங்கினான்? ஊருக்கு வந்தும் விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தானா? நீங்கள் பார்த்திருப்பீர்கள். "படிப்புப் பழக்கம், சீக்கிரம் எழுந்துவிட்டான்" என்று சந்தோஷம்கூடப் பட்டிருக்கலாம்.

இப்போது மதிப்பெண். பெற்றோர் எல்லாரும் பார்ப்பது இதைத்தான், ஆனால் மொத்தத்தை மட்டும் பார்க்கிறார்கள். நீட்டில் 180 கேள்வி. சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு, விட்டதற்குப் பூஜ்யம். சென்டர் அனுப்பும் மெசேஜிலோ அல்லது கேட்டால் கொடுக்கும் தாளிலோ சரி, தவறு, விட்டது என்று மூன்று எண்ணும் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் மகன் 480 வாங்கியபோது 150 கேள்வி எழுதி 126 சரி, 24 தவறு என்று வைத்துக்கொள்வோம். இப்போது 350-ஐ அவன் இரண்டு விதமாக வாங்கியிருக்கலாம். 170 கேள்வி எழுதி 104 சரி, 66 தவறு என்றால் அவசர அவசரமாக, நெஞ்சு படபடக்க, யூகத்தில் கறுப்பாக்கியிருக்கிறான் என்று அர்த்தம். 110 மட்டுமே எழுதி 92 சரி, 18 தவறு என்றாலும் அதே 350-தான். ஆனால் இங்கே அவன் எழுதியதில் சரியாக வந்த விகிதம் பழையபடியே இருக்கிறது. படித்தது எங்கேயும் போகவில்லை. ஒரு கேள்வியைப் படித்து, யோசித்து, விடை எழுதும் வேகம்தான் விழுந்திருக்கிறது. ஒரே வரியை மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை என்பார்கள். மனச்சோர்வில் மூளை இப்படித்தான் மெதுவாகும்.

இது எந்தப் பாடப்புத்தகத்திலும் உள்ள பரிசோதனை இல்லை, இதை வைத்து நோய் என்று முடிவு கட்டவும் முடியாது. பாடம் கடினமானாலும் விடும் கேள்விகள் கூடும். ஆனால் என்னிடம் வரும் மாணவர்களிடம் நான் தவறாமல் கேட்பது இது. மார்க் குறைந்ததும் ஸ்டடி ஹவரைக் கூட்டுவதுதான் சென்டர்களின் வழக்கம். இரண்டாவது வகைப் பிள்ளைக்கு அது தூக்கத்தை இன்னும் பறிக்கும், அடுத்த தேர்வில் இன்னும் 10 கேள்வி விடுபடும்.

வார்டன் சொன்ன "இருக்கிற இடமே தெரியாது" என்ற பாராட்டும் எனக்கு உறுத்துகிறது. அவன் முன்பும் அப்படித்தான் என்றால் சரி. கிரிக்கெட்டும் கேலியுமாக இருந்தவன் அப்படி ஆகியிருந்தால் அது நல்ல பழக்கம் இல்லை. வார்டன் கண்ணுக்கு, கத்துகிற பையன்தான் பிரச்சினை. வலிக்காத மாதிரி இருக்கிறவன் 400 பேர் கூட்டத்தில் தெரிய மாட்டான். எரிந்து விழுவதையும் "திமிர்" என்று தள்ளிவிடாதீர்கள். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டும் வராது, கோபமாகவும் வரும்.

அப்புறம் அந்த 10 நிமிடப் போன். பின்னால் வரிசையில் பத்துப் பையன்கள் நிற்க, "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, டெஸ்ட்ல எவ்வளவு" என்று கேட்டால் "இருக்கேன், சாப்பிட்டேன், 350" என்றுதான் பதில் வரும். நகையை அடகு வைத்துச் சேர்த்திருந்தால் அது அவனுக்குத் தெரியாமல் இருக்காது. "எனக்காக எவ்வளவு செலவு", "என்னால எல்லாருக்கும் கஷ்டம்", "தங்கச்சியையாவது நல்லா படிக்க வைங்க" என்று பேச்சில் வருகிறதா? வீட்டில் இதைப் பொறுப்பு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். தான் பாரம் என்ற நினைப்பு இது. நான் மிகவும் பயப்படும் அறிகுறிகளில் ஒன்று. தீனி வேண்டும், செருப்பு வேண்டும் என்று கேட்பதை நிறுத்திவிடுவதும் இதில் சேரும். நோட்ஸையும் வாட்சையும் நண்பர்களுக்குக் கொடுத்துவிடுவது, பல வாரம் தவித்தவன் திடீரென்று ரொம்ப அமைதியாகிவிடுவது, இவை இருந்தால் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே நேரில் போகச் சொல்வேன். அவுட் பாஸ் வாங்கி ஒரு பகல் முழுக்க வெளியே அழைத்துச் செல்லுங்கள். மார்க் பேச்சு வேண்டாம். சாப்பிடும்போது பாருங்கள், எவ்வளவு இறங்குகிறது என்று. கொஞ்ச நேரம் போனதும் நேராகவே கேளுங்கள்: "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" "முன்னாடி பிடிச்சது எதுவும் இப்ப பிடிக்கலையா?" கடைசியாக, "உயிரோட இருக்கவே வேண்டாம்னு எப்பவாவது தோணுதா, தம்பி?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லாப் பெற்றோரும் தயங்குகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. ஏற்கனவே இருந்தால் வெளியே வர வழி கிடைக்கிறது, பலர் அழுதுவிட்டு லேசாகிறார்கள். ஆமாம் என்று சொன்னால் அதட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், நீங்களும் உடைந்து அழாதீர்கள். "சரி, சொன்னியே, அது போதும், நாம பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவனைத் தனியே விடாமல் அப்படியே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். இரவு நேரமானாலும் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு முன்பே வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தை வேறு இடத்துக்கு அப்புறப்படுத்திவிடுங்கள். தாத்தா பாட்டியின் மாத்திரைகளும் பூட்டுக்குள் இருக்கட்டும்.

மனநல மருத்துவர் என்றதும் பயந்துவிட வேண்டாம். லேசான நிலை என்றால் பேச்சு சிகிச்சையும் தூக்கத்தை ஒழுங்குபடுத்துவதுமே போதும். அதைத் தாண்டியிருந்தால் மனச்சோர்வுக்கான எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை எழுதுவார். அது தூக்க மாத்திரை இல்லை, அடிமையாக்காது. முதல் வாரத்தில் வயிற்றைக் கொஞ்சம் புரட்டலாம், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். இந்த வயதினருக்கு ஆரம்ப வாரங்களில் தவிப்போ விபரீத எண்ணமோ கூடுகிறதா என்று பக்கத்தில் ஒருவர் கவனிக்க வேண்டும். அதனால்தான் மாத்திரையைக் கையில் கொடுத்து விடுதிக்கு அனுப்புவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

கூட்டிவந்துவிடலாமா என்று கேட்டீர்கள். உயிர் பற்றிய எண்ணம் இருந்தாலோ, மாத்திரை தொடங்கினாலோ, எடை இன்னும் இறங்கினாலோ கட்டாயம் கூட்டி வாருங்கள், குறைந்தது ஒரு மாதத்துக்கு. தேர்வு மே மாதம்தான். பாடம் முழுவதையும் ஏற்கனவே ஒரு சுற்று முடித்த ரிப்பீட்டர் அவன். தூங்கிச் சாப்பிட்டு, வீட்டிலிருந்து தினம் 5 மணி நேரம் படித்து, வாரம் ஒரு டெஸ்ட் மட்டும் எழுதுவது, இப்போதைய நிலையில் விடுதியில் 14 மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிட அதிகம் தரும். டெஸ்ட் சீரிஸுக்கு மட்டும் அனுமதிக்கும் சென்டர்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள். வலி பதற்றத்தோடு நின்று, தூக்கமும் சாப்பாடும் பரவாயில்லை என்றால் அங்கேயே இருக்கட்டும். ஆனால் முடிவை அவனோடு உட்கார்ந்து எடுங்கள். திடீரென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் தோற்றுப்போய் அனுப்பப்பட்டேன் என்றுதான் அவனுக்குப் படும்.

கட்டிய பணம் போய்விடுமே என்று விட்டுவைக்காதீர்கள். பாதியில் விலகும் மாணவருக்கு மீதிக் காலத்துக்கான கட்டணத்தை, விடுதி, மெஸ் பணம் உட்பட, 10 நாளில் திருப்பித் தர வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் சென்டர்களுக்கான வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அது மாநிலங்களுக்கான வழிகாட்டுதல்தான், தானாகச் சட்டம் ஆகிவிடாது. ஆனாலும் மருத்துவச் சான்றிதழோடு எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள், மனுவின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.