ஒப்பந்தத்துக்கு முன் கொடுத்த முன்பணம்

"சுங்கை சிப்புட்டில் வீடு வாங்க 3,600 ரிங்கிட் முன்பணம் கொடுத்தேன். வங்கிக் கடன் கிடைக்கவில்லை; ஒப்பந்தமும் கையெழுத்தாகவில்லை. பணத்தை எப்படிக் கேட்பது?"

நீங்கள் கையெழுத்திட்ட முன்பதிவுப் படிவத்தில், கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் திருப்பித் தரப்படும் என்ற வரி இருந்தால் உங்கள் கோரிக்கை வலுவானது; அந்த வரி இல்லாவிட்டாலோ, நீங்களே மனம் மாறிப் பின்வாங்கியிருந்தாலோ, விற்பவர் பணத்தைத் தர மறுத்து வாதாட இடமுண்டு.

பணம் வீட்டு முகவரிடம் இருந்தாலும், கடிதத்தை அவருக்கும் விற்பவருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். இல்லையேல் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். தொகை, செலுத்திய நாள், ரசீது எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வங்கியின் மறுப்புக் கடிதத்தையும் இணைத்து, 14 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது. வாட்சாப்பில் கேட்பது தவறல்ல, ஆனால் அதோடு நிற்காதீர்கள்.

கெடு கடந்தும் பணம் வராவிட்டால், தொகை 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டது என்பதால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கைக்குரிய படிவம் 198ஐ வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே தாக்கல் செய்யலாம்.