விட்ட தசை ஏன் விரைவாகத் திரும்புகிறது?

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 36, இடம் கொக்குவில். நாலு வருடம் ஒழுங்காக ஜிம்முக்குப் போய்ப் புயத்தை 15 அங்குலத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு கொழும்பில் வேலை; இரண்டு வருடம் ஒன்றும் தூக்கவில்லை, 13½ ஆகிவிட்டது. இப்போது தம்பியோடு சேர்ந்து திரும்பத் தொடங்கி ஆறு கிழமை. எனக்கு 14¼ வந்துவிட்டது, 22 வயதுத் தம்பிக்கு ஒரு நூல்கூட ஏறவில்லை. நான் களவாக ஊசி போடுகிறேன் என்கிறான். இது எப்படி நடக்கிறது? பெஞ்ச் பிரஸ்ஸில் முன்பு 80 கிலோ தூக்கினேன். இப்போது 70 வருகிறது, ஆனால் தோளின் முன்பக்கமும் முழங்கையும் வலிக்கின்றன. 80-க்கு எப்போது போகலாம்?

பதில்: ஊசி எதுவும் இல்லாமலே இது நடக்கும். உங்கள் புயத்தில் உள்ள தசை நார்கள் நாலு வருடப் பயிற்சியில் சேர்த்துக்கொண்ட கருக்களில் பெரும்பகுதி இன்னும் அங்கேயே இருப்பதுதான் இதற்குச் சொல்லக்கூடிய வலுவான காரணம். தம்பியின் நார்கள் அந்தக் கருக்களை இப்போதுதான் சேர்க்கத் தொடங்கியிருக்கின்றன.

உடம்பின் பெரும்பாலான கலங்களுக்கு ஒரு கருதான் உண்டு. தசை நார் அப்படி இல்லை. அது பல கலங்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவான ஒரே நீளமான கலம், அதனால் ஒவ்வொரு நாரிலும் நூற்றுக்கணக்கான கருக்கள் விளிம்பை ஒட்டி வரிசையாக இருக்கும். புரதம் செய்வதற்கான கட்டளை கருவிலிருந்துதான் வர வேண்டும். ஒரு கரு தன்னைச் சுற்றியுள்ள ஓரளவு பரப்பைத்தான் பார்த்துக்கொள்ளும். நார் தடிக்கும்போது முதலில் இருக்கிற கருக்களே கொஞ்சம் கூடுதலான பரப்பைச் சமாளிக்கும். அதற்கு மேல் நன்றாகத் தடிக்க வேண்டுமென்றால் புதிய கருக்கள் வேண்டும்.

தசை நாரின் கருவால் இரண்டாகப் பிரிய முடியாது. புதிய கரு வெளியிலிருந்துதான் வர வேண்டும். நாரின் மேற்சவ்வுக்கும் அதைப் போர்த்தியிருக்கும் வெளி உறைக்கும் இடையில் சற்றலைட் கலங்கள் என்று சில உறங்கிக் கிடக்கின்றன. 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ என்பவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து இவற்றை முதலில் விவரித்தார். பாரமான பயிற்சி இவற்றை எழுப்புகிறது. எழும்பியவை பிரிந்து பெருகுகின்றன. அவற்றில் ஒரு பகுதி நாரோடு கலந்து தன் கருவை அதற்குக் கொடுத்துவிடுகிறது. மிச்சம் அடுத்த தடவைக்காகத் திரும்ப உறங்கப் போகிறது. எழும்புவது, பெருகுவது, கலப்பது என்ற இந்த வரிசைக்கு நேரம் எடுக்கும். முதல் தடவை தசை வளர்ப்பது மெதுவாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சரி, பயிற்சியை விட்டால் அந்தக் கருக்களுக்கு என்ன ஆகும்? நார் மெலிந்தால் தேவைக்கு மிஞ்சிய கருக்கள் செத்துவிடும் என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். மெலிந்த தசையை வெட்டிப் பார்த்தால் சாகிற கருக்கள் தெரியத்தான் செய்தன. ஆனால் வெட்டுத் துண்டில், நாருக்கு உள்ளே இருக்கும் கரு எது, வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் வேறு கலத்தின் கரு எது என்று பிரித்தறிவது கடினம். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியான் குண்டர்சன், யூ புருஸ்கார்ட் குழுவினர் இதை வேறு வழியில் பார்த்தார்கள். உயிருள்ள சுண்டெலியின் தசை நாருக்குள் நிறச்சாயம் ஏற்றி, அதே நாரின் கருக்களை நாட்கணக்கில் திரும்பத் திரும்ப எண்ணினார்கள்.

2010-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு தெளிவாக இருந்தது. பக்கத்துத் தசையின் வேலையும் ஒரே தசைமேல் விழும்படி செய்தபோது, ஆறாம் நாளிலிருந்து கருக்கள் கூடின. நார் தடிக்கத் தொடங்கியது ஒன்பதாம் நாளளவில். மூன்று கிழமையில் கருக்கள் 54 வீதமும் நாரின் தடிப்பு 35 வீதமும் கூடியிருந்தன. அதாவது கரு முந்திக்கொள்கிறது, பருமன் பின்னால் வருகிறது. அதன்பின் நரம்பை வெட்டி அந்தத் தசையை மெலிய விட்டார்கள். நார் நன்றாக மெலிந்தது, கூடிய கருக்கள் மட்டும் மூன்று மாதம் கழித்தும் குறையவில்லை. திருவிழா முடிந்து கூட்டம் போன பிறகும் அன்னதான மடத்தில் சமையற்காரர் எல்லோரும் தங்கியிருப்பது போன்ற நிலைமை இது. கூட்டம் திரும்ப வந்தால் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

உங்கள் தம்பியின் சந்தேகத்துக்கு நேரே பதில் சொல்வது இதே குழுவின் 2013-ம் ஆண்டுப் பரிசோதனை. பெண் சுண்டெலிகளுக்கு இரண்டு கிழமை டெஸ்டொஸ்டெரோன் கொடுத்தார்கள். கருக்களும் கூடின, நாரும் தடித்தது. மருந்தை நிறுத்தியதும் மூன்று கிழமையில் நார் பழைய மெலிவுக்கு வந்துவிட்டது, கருக்கள் போகவில்லை. மூன்று மாதம் பொறுத்து, மருந்து எதுவும் இல்லாமல், தசைக்கு வேலை மட்டும் கொடுத்தார்கள். ஆறே நாளில் அந்த நார்கள் 31 வீதம் தடித்தன. மருந்தே காணாத சுண்டெலிகளில் சொல்லும்படியான வளர்ச்சி இல்லை. ஊசி போட்டவர் நிறுத்திய பிறகும் அதன் பலன் தசையில் தங்கக்கூடும் என்பது இதிலிருந்து எழும் கவலை. விளையாட்டில் ஊக்கமருந்துத் தடைக்காலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற விவாதத்தில் இதைத்தான் காட்டுகிறார்கள். உங்கள் விடயத்தில் ஊசியின் இடத்தில் நாலு வருட உழைப்பு இருக்கிறது. தம்பிக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள். சந்தேகப்பட்டுக்கொண்டே ஒருநாள் அவனே ஊசி தேடிப் போய்விடக் கூடாது.

சுண்டெலியில் கண்டது அப்படியே மனிதருக்குப் பொருந்துமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்து நிற்கவில்லை. சக்கரத்தில் பாரம் ஏற்றி ஓடவிட்ட சுண்டெலிகளில், ஓட்டத்தை நிறுத்தியபின் கருக்கள் குறைந்ததாகவும் ஓர் ஆய்வு உண்டு. மனிதரில் ஒரு காலை மட்டும் பயிற்றி, இடைவெளி விட்டு, பிறகு இரண்டு காலையும் பயிற்றியபோது பழைய காலுக்குத் தனிச் சலுகை தெரியாத ஆய்வும் உண்டு. மறுபக்கம், 2024-ல் நோர்வேயில் ஒரு கையை மட்டும் 10 கிழமை பயிற்றி 16 கிழமை விட்டுப் பார்த்தபோது, நார் மெலிந்தாலும் கூடிய கருக்கள் நின்றதற்குச் சான்று கிடைத்தது. இன்னொரு வழியும் இருக்கிறது: பயிற்சி சில மரபணுக்களின் மேல் உள்ள இரசாயனக் குறிகளை மாற்றுகிறது, அந்த மாற்றங்களில் சில ஓய்வுக்குப் பிறகும் நீடிக்கின்றன. என் கணிப்பில் கருவும் இந்தக் குறிகளும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. காரணத்தில் வாதம் இருந்தாலும், திரும்ப வருவது விரைவு என்பதில் பெரிய வாதம் இல்லை. பின்லாந்தில் ஒரு சாரார் 20 கிழமை தொடர்ந்து பயிற்சி செய்தார்கள்; மற்றவர்கள் 10 கிழமை செய்து, 10 கிழமை முழுவதும் விட்டு, திரும்ப 10 கிழமை செய்தார்கள். கடைசியில் இரு சாராரின் தசையும் பலமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன.

உங்கள் முக்கால் அங்குலத்தில் எல்லாமே நார் தடித்ததால் வந்ததென்று எடுக்க வேண்டாம். பயிற்சி இல்லாதபோது தசையில் கிளைக்கோஜன் என்ற மாச்சத்துச் சேமிப்புக் குறைகிறது. திரும்பத் தொடங்கியதும் அது நிரம்புகிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு மூன்று கிராம் அளவு தண்ணீரும் உள்ளே வரும். முதல் இரண்டு கிழமையில் நாடா காட்டும் ஏற்றத்தில் இதற்குப் பங்கு உண்டு. அளக்கும்போது காலையில், பயிற்சிக்கு முன், கையைத் தளர்த்தி, தோள் எலும்பிலிருந்து ஒரே தூரத்தில் அளவெடுங்கள். பயிற்சி முடிந்த சூட்டில் எடுத்த அளவை நம்பக் கூடாது. தம்பிக்கு நாடா அசையாவிட்டாலும் அவன் தூக்கும் எடை கூடியிருக்கும். புதியவருக்கு முதலில் பழகுவது நரம்பு; கண்ணுக்குத் தெரியும் பருமனுக்கு அவன் இன்னும் ஒன்றிரண்டு மாதம் பொறுக்க வேண்டும்.

இனி உங்கள் வலி. தசையை எலும்போடு இணைக்கும் நாணுக்கு இந்தக் கருச் சேமிப்பு கிடையாது. அது மெதுவாக உறுதியாகும், விட்டால் தளரும், திரும்பவும் மெதுவாகத்தான் உறுதியாகும். தசை ஆறு கிழமையில் 70 கிலோவுக்குத் தயாராகிவிட்டது. நாண் அந்த வேகத்தில் வரவில்லை. விட்டுத் திரும்புகிறவர்களிடம் நான் அதிகம் காண்பது இந்தக் கோளாறைத்தான். எடை உயர்கிறது, கை ஒத்துழைக்கிறது, மூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு புள்ளி நோகிறது.

அதனால் பெஞ்ச் பிரஸ்ஸை 50 கிலோவுக்கு இறக்குங்கள். கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு 10 தடவை; ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் மூன்று தடவை முடியும் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். எடையைக் கீழே கொண்டுவர மூன்று, நாலு செக்கன் எடுங்கள். இப்படி இரண்டு கிழமை. பிறகு கிழமைக்கு 2.5 கிலோ கூட்டினால் பத்தாம் கிழமை முடிவில் 70, பதினாலாம் கிழமை முடிவில் 80. தசை அதற்கு முன்பே தயாராகிவிடும், அதற்காக அவசரப்பட வேண்டாம். எடையைக் கூட்டலாமா என்பதை அடுத்த நாள் காலையில் முடிவு செய்யுங்கள். பத்தில் மூன்றுக்கு மேற்படாத வலி, விடிவதற்குள் அடங்கிவிட்டால் கூட்டலாம். எழும்பும்போதும் தோள் இறுகி நொந்தால் அந்தக் கிழமை அதே எடை. இரவில் வலியால் விழித்தாலோ, கையைப் பக்கவாட்டில் தூக்க முடியாமல் போனாலோ, வைத்தியரிடம் நேரில் காட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை. நீண்ட இடைவெளிக்குப் பின் பழைய எடையையும் பழைய சுற்றுக்களையும் ஒரே நாளில் செய்துபார்ப்பவர்களுக்கு, தசை நார்கள் உடைந்து, அவற்றின் உள்ளே இருப்பவை இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். தகரக் கூரை ஜிம்மில், சித்திரை வெயிலில், தண்ணீரும் குடிக்காமல் செய்தால் ஆபத்து இன்னும் கூடும். ஒன்றிரண்டு நாளில் கை தாங்க முடியாமல் வீங்கி நொந்து, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால், அது சாதாரண உடம்பு நோ இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் தேவையில்லை. உங்கள் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். 70 கிலோ என்றால் 112 கிராம். இரவுப் புட்டோடு சொதி மட்டும் என்றால் அது வராது. காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் மீனோ கோழியோ தாராளமாக, பின்னேரம் அவித்த பயறோ கடலையோ, இரவும் ஒரு மீன் கறி என்று பிரித்து வையுங்கள்.

திரும்பக் கொழும்புக்கு வேலை மாற்றம் வந்தால் முழுவதும் விடாதீர்கள். உங்கள் வயதில், வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கைக் கிழமைக்கு ஒருநாள், எடையைக் குறைக்காமல் செய்தாலே புயத்தின் பெரும்பகுதியைப் பல மாதங்களுக்குக் காப்பாற்றலாம்.