ஆறு வயதுப் பிள்ளைக்கு இடது, வலது: தரையில் ஒட்டும் கட்டம் போதும்

கேள்வி: மகனுக்கு ஆறு வயது, கே2 படிக்கிறான். இடது, வலது இன்னும் மாறி மாறி வருகிறது. "பின்னால் போ" என்றால் திரும்பி நின்று நடக்கிறான். செங்காங்கில் வீவக வீடு, பெரிய இடமெல்லாம் இல்லை. ஓடியாடி விளையாடியே சொல்லிக்கொடுக்க என்ன செய்யலாம்?

பதில்:

நான் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன். "வலது கையைத் தூக்கு, இடது காலை ஆட்டு" என்று பாட்டோடு ஆடுவது வகுப்பைக் கலகலப்பாக்கும். ஆனால் அதில் பிள்ளை பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தே செய்துவிடும். தெரிந்து செய்கிறதா, பார்த்துச் செய்கிறதா என்று நமக்குப் பிடிபடாது. அதனால் நான் நம்புவது, பிள்ளை ரோபோ மாதிரி நம் கட்டளைக்கு மட்டும் நகரும் ரோபோ விளையாட்டைத்தான்.

மாஸ்கிங் டேப்பால் தரையில் நான்குக்கு நான்கு கட்டம் ஒட்டுங்கள். ஒரு கட்டம் 40 செ.மீ. இருந்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஓர் அடி சரியாக இருக்கும். மொத்தமே ஒன்றரை மீட்டர் சொச்சம்தான், சோபாவைக் கொஞ்சம் தள்ளினால் இடம் வந்துவிடும். மகனின் வலது மணிக்கட்டில் மட்டும் முடி கட்டும் பேண்டு ஒன்றைத் தளர்வாக மாட்டிவிடுங்கள். இரண்டு கையிலும் இரண்டு நிறம் வேண்டாம். ஒரு பக்கம் உறுதியானால் மற்றது தானாக இடது. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கும் இதே முறைதான்.

நான்கே கட்டளைகள்: முன்னால் ஓர் அடி, பின்னால் ஓர் அடி, வலது திரும்பு, இடது திரும்பு. திரும்பு என்றால் நின்ற கட்டத்திலேயே உடம்பைத் திருப்புவது, கால் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் முதலில் சறுக்குவது இங்கேதான். "வலது திரும்பு" என்றதும் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓர் அடி வைத்துவிடுவார்கள். சில பாலர் பள்ளிகளில் இருக்கும் பீ-பாட் பொம்மையும் இப்படித்தான்: முன் பொத்தானை அழுத்தினால் 15 செ.மீ. நகரும், வலது பொத்தானுக்கு நின்ற இடத்திலேயே 90 டிகிரி திரும்பும். மகன் அதை இயக்கியிருந்தால் சட்டென்று புரிந்துகொள்வான்.

"பின்னால்" என்றால் திரும்பி நடக்கிறான் என்றீர்கள். அவன் பார்க்கும் பக்கத்துச் சுவரில் ஒரு படம் ஒட்டி, "கண்ணை எடுக்காமல் பின்னால் வா" என்று சொல்லிப் பாருங்கள். வழியில் பொம்மை எதுவும் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இப்போது ஓர் ஆட்டம். ஜன்னலைப் பார்த்தபடி மகனை அவனுக்கு இடது பக்க, ஜன்னலுக்குத் தள்ளியுள்ள மூலைக் கட்டத்தில் நிறுத்துங்கள். அவனுக்கு வலது பக்கம் வாசல் கதவு என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வரிசை, மூன்றாவது கட்டத்தில் கரடி பொம்மை. முன்னால் இரண்டு அடி, வலது திரும்பு, முன்னால் இரண்டு அடி. கரடி கிடைத்துவிட்டது, அவன் இப்போது கதவைப் பார்த்து நிற்கிறான். இனி வீட்டுக்குத் திரும்ப வேண்டும்: பின்னால் இரண்டு அடி, வலது திரும்பு, முன்னால் இரண்டு அடி. ஆரம்பித்த மூலைக்கே வந்தாயிற்று, ஆனால் முதுகு ஜன்னல் பக்கம்.

இங்கே "இடது திரும்பு" என்று சொல்லுங்கள். சரியாகச் செய்தால் கதவைப் பார்ப்பான். முதலில் வலது என்று திரும்பிய அதே கதவு! கதவுப் பக்கம்தான் வலது என்று மனப்பாடம் செய்திருந்தால் எதிர்ச்சுவரைப் பார்ப்பான். அப்படித் திரும்பினால் "தப்பு" என்று சொல்லாமல் பேண்டு கையைத் தொடச் சொல்லுங்கள். வலது, அறையோடு சேர்ந்தது இல்லை, தன் உடம்போடு சேர்ந்தே சுற்றுகிறது என்பது இந்த இடத்தில்தான் பிள்ளைக்கு உறைக்கும். ஜன்னலைப் பார்த்தபடியே விளையாடிக்கொண்டிருந்தால் இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது.

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். எதிரே நின்று கட்டளை கொடுத்தால் உங்கள் வலது அவனுக்கு இடது. நாம் கையை நீட்டிக் காட்டினால் குழப்பம் இரட்டிப்பாகும். அவனுக்குப் பின்னால், அவன் பார்க்கும் திசையையே பார்த்து நில்லுங்கள், கை காட்டாமல் வாயால் மட்டும் சொல்லுங்கள். எதிரே நிற்பவரின் இடது வலது சொல்வது பொதுவாக இன்னும் ஓரிரு வருடம் கழித்துத்தான் கைகூடும். இப்போதே அதைக் கேட்டு அவனைப் படுத்த வேண்டாம். எம்ஆர்டி மின்படிக்கட்டில் "நாம எந்தப் பக்கம் நிக்கிறோம்?" என்று கேளுங்கள். அங்கே இருவரும் ஒரே திசையைப் பார்த்துத்தான் நிற்பீர்கள்.

தவறில்லாமல் வர ஆரம்பித்ததும் பேண்டைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் நீங்கள் ரோபோ ஆகுங்கள், அவன் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கட்டளை கொடுக்கட்டும். அவன் "வலது" என்று சொல்லிவிட்டு மனதில் இடதை நினைத்திருந்தாலும் நீங்கள் வலதுக்கே திரும்ப வேண்டும். பாவம் பார்த்துத் திருத்திக்கொள்ளாதீர்கள்.