மெடிக்கல் லீவு சான்றில் தேதி போடுவது: டாக்டரிடம் கேள்வி பதில்

கல்குளம் தாலுகா ஆபீஸ் ஊழியர்: "திங்கட்கிழமையே காய்ச்சல் வந்தாச்சு டாக்டர். வியாழக்கிழமைதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். திங்கள் முதலே ரெஸ்ட் போட்டுத் தருவாங்களா?"

தரக்கூடாது. சான்றில் போடும் தேதி, டாக்டர் உங்களைப் பார்த்த தேதி. "திங்கள் முதல் காய்ச்சல் என்று நோயாளி சொல்கிறார், வியாழன் பரிசோதித்தேன், அன்று முதல் 5 நாள் ஓய்வு தேவை" என்று எழுதலாம், அது உண்மை. அப்படியானால் ஓய்வு அடுத்த திங்கள் வரை, செவ்வாய் காலையில் பிட்னஸ் சான்று வாங்கி வேலையில் சேரலாம்.

முந்தைய மூன்று நாளுக்குப் பலரும் தற்செயல் விடுப்பு எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். அதை மெடிக்கல் லீவோடு ஒட்டிப் போட விதி இடம் தராது. ஈட்டிய விடுப்பு கேளுங்கள். காய்ச்சல் வந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை குழித்துறை அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எடுத்திருந்தால் அதையும் இணையுங்கள். அதை ஏற்பதா என்பது விடுப்பு அனுமதிக்கும் அதிகாரி கையில்.

அதே ஆபீஸிலிருந்து இன்னொருவர்: "தெரிஞ்ச டாக்டர்னா முன்தேதி போடுவாரு. யாரு பாக்கப் போறா?"

பார்ப்பார்கள். சான்று கொடுக்கும் டாக்டர் ஒரு பதிவேடு வைத்து, உங்கள் கையெழுத்து, முகவரி, ஓர் அங்க அடையாளம் எல்லாம் அதில் எழுத வேண்டும், நகலும் வைக்க வேண்டும். அதிகாரி சந்தேகப்பட்டு விசாரித்தால், பதிவேட்டில் வியாழன் வரிசையில் திங்கள் தேதி இடிக்கும். பொய்ச்சான்று தந்த டாக்டர் பதிவை இழக்கலாம். பொய் என்று தெரிந்தே அதை ஆபீஸில் கொடுத்தவருக்கும் வழக்கு உண்டு.

தபால் ஊழியர், தக்கலை: "ரெஸ்ட் கொடுத்த டாக்டரேதான் பிட்னஸும் தரணும், சரிதானே? சனி வரை ரெஸ்ட், திங்கள் சேரணும்."

பாதி சரி. அவரே தந்தால் கேள்வி வராது. வேறு டாக்டரும் பரிசோதித்துத் தரலாம், பழைய சான்றைக் காட்டுங்கள். உங்களுக்கு முக்கியம் ஞாயிறு. மத்திய அரசு விதிப்படி, சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ உடல் தகுதி என்று சான்று பெற்றால் அந்த ஞாயிறு லீவில் சேராது. திங்கள் காலை வாங்கினால் ஞாயிறும் லீவுக் கணக்கில் போய்விடும். ஆகவே சனி சாயந்தரமே நேரில் போய்க் காட்டுங்கள்.

கருங்கல் பக்கத்துப் பெண்: "எனக்கு அண்டி ஆபீஸ்ல, முந்திரி பேக்டரியில வேலை. தனியார் டாக்டர்கிட்ட ஒரு வாரம் ரெஸ்ட் வாங்கினேன், சம்பளம் வெட்டிட்டாங்க. அதுக்கும் பிட்னஸ் கேக்கணுமா?"

உங்கள் வழி வேறு, அம்மா. உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த முறை முதல் நாளே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் காட்டிச் சான்று வாங்குங்கள். பொதுவாக முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது. அதன்பின் கூலியில் 70 சதவீதம். தனியார் சான்றை மாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்வது உண்டு, ஆனால் கட்டாயமில்லை. மருந்துச் சீட்டு, பில், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மூன்றையும் கொண்டுபோய் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.