எலுமிச்சை ஊறுகாய்: வெயிலா, வேகவைப்பதா?

வணக்கம் அம்மா,

நான் பினாங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். இங்கே மதியமானால் மழை. அதனால் எலுமிச்சையை நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு, அதன் சாற்றிலேயே வேகவைத்து ஊறுகாய் போட்டேன். அன்றைக்கு நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் வாயில் வைக்க முடியாத கசப்பு, தோலும் ரப்பர் மாதிரி. பாட்டி போட்டது வெண்ணெயாகக் கரையும். வெயில் இல்லாமல் அது வராதா? இந்த ஜாடியை என்ன செய்வது?

க., ஜெலுத்தோங்

அன்புள்ள க.,

வெயில் இல்லாமலும் வரும். ஊறுகாயை மெத்தென்று ஆக்குவது உப்பும் நாட்களும்தான். வெயில் கொஞ்சம் சூடேற்றி அதை விரைவுபடுத்துகிறது, ஈரத்தை இழுத்துப் பூஞ்சையைத் தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான்.

முதல் நாள் நன்றாக இருந்து பிறகு கசந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, காரணம் அதிலேயே இருக்கிறது. எலுமிச்சையின் விதையிலும் தோலுக்கடியில் உள்ள வெள்ளைப் பகுதியிலும் கசப்பே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. பழத்தை வெட்டி அது புளிப்புச் சாற்றோடு கலந்ததும் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்பாக மாறுகிறது. சூடு பட்டால் இது இன்னும் வேகமாக நடக்கும். நறுக்கிய துண்டுகளை, அதுவும் விதையோடு, சாற்றிலேயே கொதிக்கவிட்டால் கசப்பை நாமே காய்ச்சி இறக்கியது போல ஆகிவிடும். தோல் ரப்பரானதற்கும் புளிப்புதான் காரணம். புளித்தண்ணீரில் போட்ட காய் சீக்கிரம் வேகாது, இல்லையா? அதேதான் இங்கேயும்.

ஆகவே வேகவைப்பதென்றால் முழுப்பழமாக, வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். தண்ணீர் கொதித்ததும் பழங்களைப் போட்டு, தீயைக் குறைத்து, எட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். கரண்டியால் அழுத்தினால் தோல் அமுங்க வேண்டும், ஆனால் வெடிக்கக் கூடாது. வெடித்தால் சாறு வெளியே போய் கசப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பழம் முழுக்க ஆறி, துணியால் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகே வெட்ட வேண்டும். விதையை ஒன்று விடாமல் எடுத்துவிட்டு உப்புப் போடுங்கள். ஒரு வாரத்தில் சாப்பிடலாம், இரண்டு வாரத்தில் இன்னும் நன்றாயிருக்கும். இது மென்மையாகவே வரும், ஆனால் கொஞ்சம் கொழகொழப்பான மென்மை. பாட்டி போட்டதில் இருந்த கண்ணாடி போன்ற தோல் இதில் வராது. மணமும் ஒரு படி கீழேதான்.

பாட்டியின் பதம் வேண்டுமென்றால் பொறுமையாக ஊறப்போடுங்கள். பசார்களில் கிடைக்கும் லீமாவ் நிப்பிஸ் என்ற சின்ன எலுமிச்சை ஒரு கிலோ வாங்குங்கள். பெரிய மஞ்சள் லெமன் வேண்டாம், அதில் வெள்ளைப் பகுதி தடிமன். பச்சையாக இருந்தால் மேசைமேல் நாலைந்து நாள் விட்டு, மஞ்சள் ஓடிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாக வெட்டி, விதை நீக்கி, 200 கிராம் கல்லுப்பும் ஒரு தேக்கரண்டி மஞ்சளும் சேர்த்துக் கண்ணாடி ஜாடியில் போடுங்கள். உப்பில் கை வைத்துக் குறைக்காதீர்கள். ஜாடியைக் கெடாமல் காப்பது அதுதான், நாக்கில் கசப்பை அமுக்குவதும் அதுதான். தினமும் ஒருமுறை குலுக்குங்கள். சாறு துண்டுகளை மூடி நிற்க வேண்டும். குறைந்தால் இன்னும் இரண்டு பழம் பிழிந்து விடுங்கள், விதை நசுங்காமல்.

காலையில் பால்கனியில் வெயில் விழுந்தால் வாய்க்குத் துணி கட்டி வையுங்கள், வானம் கறுக்கும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். வெயில் இல்லாத நாளில் அடுப்படி மூலையே போதும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரிதான் மழை குறைந்த காலம். தைப்பூசத்தை ஒட்டிப் போட்டால் வேலை சுலபம்.

மூன்று நான்கு வாரத்தில் ஒரு துண்டை எடுத்து விரலிடுக்கில் அழுத்திப் பாருங்கள். பச்சை போய் வைக்கோல் பழுப்பாகி, வெள்ளைப் பகுதி ஒளி ஊடுருவும்படி தெளிந்து, துண்டு அப்படியே நசுங்க வேண்டும். சாறும் பாகு மாதிரி கெட்டிப்படும். நடுவில் வெள்ளைக் கீற்று தெரிந்தால் இன்னும் ஒரு வாரம். மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை பூத்திருந்தால் வழித்து எடுத்துவிட்டுச் சாப்பிட வேண்டாம், ஜாடியோடு கொட்டிவிடுங்கள்.

இந்தப் பதம் வந்த பிறகுதான் மசாலா. மிளகாய்த்தூள், பெருங்காயம், வறுத்துப் பொடித்த வெந்தயம். வெந்தயம் சிவந்தால் போதும், கறுத்தால் எவ்வளவு நல்ல எலுமிச்சையும் கசக்கும். நல்லெண்ணெயைக் காய்ச்சி, கடுகு பொரித்து, முழுக்க ஆறிய பிறகு ஊற்றுங்கள்.

சரி, உங்கள் ஜாடி. ஒரு துண்டைக் கழுவித் தோலை மட்டும் மென்று பாருங்கள். கசப்பு தோலில் இருந்தால் இன்னும் கொஞ்சம் உப்பும் பழச்சாறும் சேர்த்து ஒரு மாதம் மூடி வையுங்கள். பிறகு சிறிது வெல்லம் சேர்த்தால் சாப்பிடும் அளவுக்கு வரும். கழுவிய தோல் பரவாயில்லை, மசாலாதான் கசக்கிறது என்றால் வெந்தயம் கருகியிருக்கிறது. அதற்கு வழியில்லை, புதிதாகவே போட்டுவிடுங்கள்.