பேரேட்டின் பக்கத்தில் இன்னொரு நோட்டு

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். பயிர்க்கடன் பேரேட்டில் கூட்டல் போட உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து ஏதாவது கேட்கிறார். மாலையில் கணக்கு நேராவதில்லை. வருகிறவர்களைத் தடுக்கவும் முடியாது. ஒரு வாரம் இடையூறுகளைக் குறித்து வைக்கச் சொல்கிறார்கள். அதை எப்படிச் செய்வது?

பதில்: நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பேரேட்டின் பக்கத்திலேயே திறந்து வையுங்கள். வேலை தடைப்பட்ட மணி, கேட்டவர் யார், என்ன கேட்டார், மறுபடி எத்தனை மணிக்கு வேலையைத் தொட்டீர்கள் என்ற நான்கு கட்டங்கள் போதும். அந்தந்த நேரத்திலேயே அரை வரியில் எழுதிவிட வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதினால் எரிச்சலூட்டியவர்கள் மட்டுமே நோட்டில் இடம்பிடிப்பார்கள். இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போன பத்துப் பேர் விடுபட்டுவிடுவார்கள்.

மூன்றாவது கட்டத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 'யூரியா' என்று மட்டும் எழுதினால் வாரக் கடைசியில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. யூரியா மூட்டை வாங்க ஒருவர் வந்தால் அது உங்கள் வேலையே. யூரியா எப்போது வரும் என்று கேட்க வந்தால் அது வெளியே ஒரு பலகையில் எழுதியிருக்க வேண்டிய செய்தி. கடனுக்குச் சிட்டாவும் அடங்கலும் கொண்டுவந்து கொடுப்பவர் ஒரு வகை, என்னென்ன காகிதம் வேண்டும் என்று விசாரிப்பவர் வேறு வகை. ஆகவே கேட்டதைக் கேட்டவர் வாய்மொழியிலேயே எழுதுங்கள். தவிர்க்கக் கூடியதா இல்லையா என்பது ஆளைப் பொறுத்ததன்று, கேள்வியைப் பொறுத்தது.

கும்பகோணத்தில் ஓர் அரிசி ஆலையில் நான் கணக்கு எழுதிய காலத்தில் இப்படி ஆறு நாள் குறித்து வைத்தேன். மொத்தம் 52 பதிவுகள். நெல் போட்டவர்கள் பணம் வாங்க வந்தது 15. அதில் கைவைக்க ஒன்றுமில்லை. லாரி கிளம்பிவிட்டதா என்று தொலைபேசியில் கேட்டவர்கள் 17. முதலாளி கூப்பிட்டது 11. மிச்சம் 9 தடவை யாரும் கூப்பிடாமல் நானே எழுந்து போயிருந்தேன், ஒரு முறை வாசலில் வந்த வண்டி யாருடையது என்று பார்க்க. உங்கள் நோட்டிலும் உங்கள் பெயர் வர வேண்டும்; கைப்பேசியை எடுத்துப் பார்த்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். லாரி கிளம்பியதும் ஏற்றுக்கூடத்திலிருந்தே சரக்குக்காரருக்குச் சொல்லிவிடும்படி ஏற்பாடு செய்தோம். அந்த 17 அடுத்த வாரம் நாலைந்தாகக் குறைந்தது. முதலாளியின் 11 மட்டும் எளிதில் குறையவில்லை. அவர் கேட்பதில் பாதி முந்தைய நாள் வசூல் பற்றியது என்று நோட்டில் தெரிந்த பிறகு, காலையில் அந்தத் தொகையை ஒரு சீட்டில் எழுதி அவர் மேசையில் வைக்கத் தொடங்கினேன்.

நான்காவது கட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஒருவர் ஒரு நிமிடம்தான் பேசியிருப்பார்; ஆனால் பத்தியின் நடுவில் விட்ட கூட்டலை மேலிருந்து மறுபடி போடவேண்டி வந்து எட்டு நிமிடம் போயிருக்கும். அந்த எட்டு நிமிடம்தான் உண்மையான கணக்கு. தலையை நிமிர்த்துமுன் அதுவரை வந்த கூட்டுத்தொகையை ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டால், தவிர்க்க முடியாத இடையூறுகூட மலிவாக முடியும்.

சனிக்கிழமை மாலை நோட்டைப் பிரித்து வைத்து ஒவ்வொரு வரியிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதற்கு நான்தான் வேண்டியிருந்ததா, அந்த நிமிடமே வேண்டியிருந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த வரியை அப்படியே விடுங்கள். முதல் கேள்விக்கு இல்லை என்றால் பலகையோ உடன் வேலை பார்ப்பவரோ பதில் சொல்லட்டும். இரண்டாவதுக்கு மட்டும் இல்லை என்றால் அதற்கென ஒரு வேளையை ஒதுக்குங்கள். பிறகு மணிக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். டவுன் பஸ் வந்து நிற்கும் நேரத்தை ஒட்டிப் பதிவுகள் குவிந்திருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் கூட்டல் வேலையை அந்த நேரத்தில் தொடவே தொடாதீர்கள். ரசீது அடுக்குவது போல நடுவில் விட்டாலும் கெடாத வேலையை வைத்துக்கொண்டு, பேரேட்டைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள்.

எந்த வாரத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும் வாரத்தில் குறித்தால் அந்த நெரிசலுக்கான திட்டம்தான் கிடைக்கும், தை மாதத்துக்கு அது உதவாது. சாதாரண வாரத்தில் ஒரு முறை குறியுங்கள்; பலகை மாட்டி ஒரு மாதம் ஆன பிறகு இரண்டே நாள் மறுபடி குறித்து, யூரியா எப்போது வரும் என்ற கேள்வி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லையென்றால் பெரும்பாலும் பலகையில் பழைய தேதி இருக்கும். அல்லது அது வாசலில் இல்லாமல், வந்தவர் உங்களைத் தாண்டிப் போய்ப் பார்க்கவேண்டிய சுவரில் மாட்டியிருக்கும்.